'பாஸ்' ஆன குழந்தைக்கு மறுபடியும் காது டெஸ்ட் ஏன்? குறைமாதக் குழந்தைகளின் செவித்திறன் பற்றி பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

குறைமாதத்தில் பிறந்து வாரக்கணக்கில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு கொடுப்பார்கள். எடை, சொட்டு மருந்து, தடுப்பூசி, கண் பரிசோதனை எல்லாம் எழுதி முடித்த பிறகு, பல சீட்டுகளில் கடைசியாக ஒரு வரி இருக்கும். இரண்டு காதும் 'பாஸ்', ஆனாலும் சில மாதங்கள் கழித்து மறுபடி காது டெஸ்டுக்கு வர வேண்டும் என்பது அந்த வரி.

பெரும்பாலான வீடுகளில் அந்த வரி மறந்துபோகிறது. "அதான் பாஸ்னு போட்டிருக்கே, கூப்பிட்டா திரும்புதே, அப்புறம் எதுக்கு அலையணும்?" என்ற கேள்வி நியாயமானதுதான். திருமலைராயன்பட்டினம் மாதிரி ஒரு ஊரிலிருந்து, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காரைக்காலுக்கோ, அங்கிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் புதுச்சேரிக்கோ போய் வருவது ஒரு நாள் கூலியை விழுங்கும் வேலை.

ஆனால், பிறந்தவுடன் எடுக்கும் டெஸ்ட் அன்றைய நாளின் நிலவரத்தை மட்டுமே சொல்கிறது. தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்குக் கேட்கும் திறன் அதற்குப் பிறகுதான் குறையத் தொடங்குகிறது. இன்னும் சிலருக்கு முதல் நாளிலிருந்தே குறை இருந்தும், எடுத்த டெஸ்டின் கண்ணில் அது படுவதில்லை.

இரண்டு டெஸ்ட், இரண்டு விதமான பதில்

பிறந்த குழந்தைகளுக்கு இரண்டு வகை காது டெஸ்ட் எடுக்கிறார்கள். பல இடங்களில் முதலில் எடுப்பது ஓ.ஏ.இ. காதுக்குள் ஒரு சின்ன ரப்பர் முனையை வைத்து, மெல்லிய சத்தம் கொடுப்பார்கள். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியா என்ற உறுப்பில் வரிசை வரிசையாக நுண்ணிய முடி செல்கள் இருக்கின்றன. அவற்றில் வெளிப்புற வரிசை நன்றாக வேலை செய்தால், வந்த சத்தத்துக்குப் பதிலாக மிக மெல்லிய எதிரொலி ஒன்று திரும்பி வரும். அந்த எதிரொலி கிடைத்தால் 'பாஸ்'. கிடைக்காவிட்டால் 'ரெஃபர்', அதாவது மேல் பரிசோதனை தேவை. குழந்தை தூங்கினால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

இரண்டாவது, எல்லோரும் 'பெரா டெஸ்ட்' என்று சொல்வது. குழந்தையின் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒட்டுப் பட்டைகளை வைத்து, காதில் சத்தம் கொடுத்து, அது நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போய்ச் சேருகிறதா என்று மின் அலைகளாகப் பதிவு செய்வார்கள். இதையே தானியங்கி முறையில், பெரும்பாலும் 35 டெசிபல் அளவு சத்தத்தில் 'பாஸ்' அல்லது 'ரெஃபர்' என்று மட்டும் காட்டும் கருவியும் உண்டு.

ஒரு ஒப்பீடு சொன்னால் வித்தியாசம் எளிதாகப் புரியும். ஓ.ஏ.இ என்பது வீட்டிலிருக்கும் மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பது. பெரா என்பது மைக்கிலிருந்து ஒயர் வழியாக ஸ்பீக்கர் வரை சிக்னல் போகிறதா என்று பார்ப்பது. ஒயர் அறுந்திருந்தாலும் மைக் டெஸ்டில் 'பாஸ்' வரும்.

நிறைமாதத்தில் ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்கு ஒயரில் சிக்கல் இருப்பது அபூர்வம் என்பதால் அங்கே ஓ.ஏ.இ ஓரளவு போதும். தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைக்குப் போதாது. 5 நாட்களுக்கு மேல் அந்தப் பிரிவில் இருந்த குழந்தைகளுக்குப் பெரா வகை டெஸ்ட்தான் எடுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் குழந்தைகளின் செவித்திறனுக்கான கூட்டுக் குழு வழிகாட்டுதலே வைத்திருக்கிறது. ஆகவே சீட்டில் 'பாஸ்' என்று இருந்தால், எந்த டெஸ்டில் பாஸ் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம்.

இந்த இரண்டு டெஸ்டுக்கும் பொதுவான ஒரு எல்லையும் உண்டு. லேசான குறைபாடு இரண்டிலும் தப்பிவிடலாம். சுமார் 30 டெசிபலுக்குக் கீழே உள்ள இழப்பைக் கண்டுபிடிப்பதற்காக இவை வடிவமைக்கப்படவில்லை.

கொச்சியில் என்ன செய்தார்கள்?

இந்தியாவில் இதற்கு நல்ல உதாரணம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. 2003-ல் கேரளத்தின் கொச்சியில், குழந்தைகள் நல மருத்துவர் ஆபிரகாம் பால் முன்னெடுப்பில் ஒரு பொது ஏற்பாடு தொடங்கியது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியாகக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரு ஓ.ஏ.இ கருவியோடு பயிற்சி பெற்ற ஒருவர் ஊரிலுள்ள மருத்துவமனைகளுக்கு முறை வைத்துப் போய், அங்கே பிறந்த குழந்தைகளைப் பரிசோதிப்பார். 'ரெஃபர்' ஆன குழந்தைக்கு, 6-வது வாரத் தடுப்பூசிக்கு வரும்போது மறுபடி டெஸ்ட். தனியாக ஒரு நாள் அலைய வேண்டியதில்லை என்பதுதான் அந்தத் திட்டத்தின் சாமர்த்தியம். தீவிர சிகிச்சையில் இருந்த குழந்தைகளுக்கு மட்டும், ஓ.ஏ.இ-யில் பாஸ் ஆனாலும் பெரா எடுத்தார்கள்.

சில ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்து வெளியிட்ட முடிவுகளில், சாதாரணக் குழந்தைகளில் ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒருவருக்கும், தீவிர சிகிச்சையில் இருந்தவர்களில் ஆயிரத்துக்குச் சுமார் பத்துப் பேருக்கும் செவித்திறன் குறைபாடு இருந்தது. பத்து மடங்கு வித்தியாசம். இதையே திருப்பிச் சொன்னால், தீவிர சிகிச்சையில் இருந்த நூறு குழந்தைகளில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அந்த டெஸ்டில் குறை எதுவும் தெரியவில்லை என்பதும் அதே அளவு உண்மை. பெற்றோர் பதற வேண்டியதில்லை, தேதியை விடாமல் இருந்தால் போதும்.

காதைப் பாதிப்பது எது?

குறைமாதத்தில் பிறப்பது மட்டுமே காதைக் கெடுப்பதில்லை. குறைமாதத்தோடு சேர்ந்து வரும் நோய்களும், உயிரைக் காப்பாற்றக் கொடுக்கும் சில மருந்துகளும்தான் பெரும்பாலும் காரணம். ஒவ்வொன்றும் காதுப் பாதையின் ஒவ்வொரு இடத்தைத் தாக்குகிறது.

மஞ்சள் காமாலை தாக்குவது ஒயரை. பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் ரத்தத்தில் மிக அதிகமாகிவிட்டால், அது செவி நரம்பிலும் மூளைத்தண்டில் ஒலியை வாங்கும் மையங்களிலும் படிகிறது. உள்காதின் முடி செல்கள் பெரும்பாலும் தப்பிவிடும். அதனால்தான் இந்தக் குழந்தைகள் ஓ.ஏ.இ-யில் பாஸ் ஆகிவிடுவார்கள், பெராவில் அலை வராது. இந்த நிலைக்கு ஆடிட்டரி நியூரோபதி என்று பெயர். நீல விளக்கில் இரண்டு நாள் வைத்து எடுத்த சாதாரண மஞ்சள் காமாலைக்கு இந்தப் பயம் இல்லை. ரத்தத்தையே மாற்ற வேண்டிய அளவுக்குப் போனதா என்பதுதான் கேள்வி. குறைமாதக் குழந்தைக்கு அந்த ஆபத்து நிறைமாதக் குழந்தையை விடக் குறைந்த அளவிலேயே வந்துவிடும். அதனால் 'எவ்வளவு ஏறியது' என்ற எண்ணை மட்டும் வைத்து, பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடக் கூடாது.

ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஊசிகள் தாக்குவது மைக்கை. ரத்தத்தில் கிருமி பரவிய பச்சிளங்குழந்தைக்கு இவை உயிர் காக்கும் மருந்துகள். ஆனால் இவை முடி செல்களுக்குள் புகுந்து தங்கிவிடக் கூடியவை. காக்ளியாவில் கீச்சென்ற உயர் ஒலிகளை வாங்கும் அடிப்பகுதியில்தான் சேதம் முதலில் தொடங்கும். ஊசியை நிறுத்தி வாரங்கள், மாதங்கள் கழித்தும் பாதிப்பு வெளிப்படலாம். ஐந்து நாட்களுக்கு மேல் போட்டிருந்தால் தொடர் பரிசோதனைப் பட்டியலில் குழந்தை சேர்ந்துவிடுகிறது. நீர் பிரிவதற்காகக் கொடுக்கும் ஃப்யூரோசிமைடு போன்ற மருந்தும் சேர்ந்து போயிருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும்.

இங்கே தாய்வழிக் குடும்பம் முக்கியமாகிறது. மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் 1555-வது இடத்தில் உள்ள ஒரு சிறு மாற்றம் சிலருக்கு இருக்கிறது. அவர்களுக்குச் சரியான அளவில் போட்ட ஊசிகூடக் காதைப் பறித்துவிடும். இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வரும். பிரிட்டனில் மான்செஸ்டர், லிவர்பூல் மருத்துவமனைகளில், பிறந்த குழந்தையின் கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தடவி அரை மணி நேரத்துக்குள் இந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் கருவியைப் பயன்படுத்திப் பார்த்து, அதன் முடிவை 2022-ல் வெளியிட்டார்கள். நம் ஊரில் ஒரு கேள்வி கேட்டாலே சில சமயம் துப்பு கிடைக்கும். "அம்மாச்சி வழியில யாருக்காவது டி.பி ஊசி போட்ட பிறகு காது போச்சா?" பழைய காசநோய் ஊசியான ஸ்ட்ரெப்டோமைசினும் இதே மருந்துக் குடும்பம்தான். 'ஆமாம்' என்றால் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஊசி வேண்டாம் என்று சொல்வது பெரிய தவறாகிவிடும். கிருமி மூளைச்சவ்வுக்குப் போய் மூளைக்காய்ச்சல் ஆனால், அந்த நோயே காதைக் கெடுக்கும், உயிருக்கும் ஆபத்து.

பிறந்ததும் அழாமல் மூச்சுத் திணறியது, நாட்கணக்கில் வென்டிலேட்டரில் இருந்தது ஆகியவை பாதையின் எந்த இடத்தையும் பாதிக்கலாம். முடி செல்களும் சரி, மூளைத்தண்டின் ஒலி மையங்களும் சரி, ஆக்சிஜன் குறைந்தால் தாங்காதவை.

கர்ப்பத்திலேயே குழந்தைக்குத் தொற்றும் சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமாக சி.எம்.வி, இன்னொரு வகை. பிறக்கும்போது நன்றாகக் கேட்டு, பிறகு சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ கேட்பது குறைந்துகொண்டே போவது இதில் அடிக்கடி நடக்கிறது. இதைக் கண்டுபிடிக்கும் எச்சில் அல்லது சிறுநீர்ப் பரிசோதனையைப் பிறந்து 21 நாட்களுக்குள் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு வைரஸ் தெரிந்தாலும், கர்ப்பத்தில் வந்ததா, பிறந்த பிறகு ஒட்டியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இவற்றோடு, குடும்பத்தில் சிறுவயதிலேயே காது கேட்காதவர்கள் இருப்பதும் ஒரு காரணி. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் திருமணம் செய்த குடும்பங்களில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். இது பழி சொல்வதற்கான கேள்வி இல்லை.

இரண்டு குழந்தைகள்: ஒரு கற்பனைக் கணக்கு

விஷயம் தெளிவாகப் புரிய, ஒரே வார்டில் அடுத்தடுத்த பெட்டியில் இருந்த இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே.

முதல் குழந்தை ஜனவரி 10-ம் தேதி, 30 வாரத்தில், 1,250 கிராம் எடையில் பிறக்கிறது. பிறக்க வேண்டிய நாள் மார்ச் 21. நான்கு நாள் வென்டிலேட்டர், ரத்தத்தில் கிருமி என்று பத்து நாள் அமிகாசின். ஆறு வாரம் கழித்து, பிப்ரவரி 21-ல் வீட்டுக்குப் போகும்போது தானியங்கி பெராவில் இரண்டு காதும் பாஸ். பத்து நாள் ஊசி போட்டிருப்பதால், 9-வது மாதம் அக்டோபரில் வரச் சொல்கிறார்கள்.

அக்டோபர் 10 அன்று காலண்டர்படி குழந்தைக்கு 9 மாதம். ஆனால் பிறக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணினால் ஆறரை மாதத்துக்குச் சற்று அதிகம். இதைத் திருத்திய வயது என்பார்கள். தலை திருப்புகிறதா, உட்காருகிறதா, பேச்சு எந்த நிலையில் இருக்கிறது என்பதையெல்லாம் இந்த வயதோடுதான் ஒப்பிட வேண்டும். திருத்திய வயது ஆறு மாதத்தைத் தாண்டியதால், இப்போது புதிய டெஸ்ட் ஒன்று எடுக்க முடியும். அம்மா மடியில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் சத்தம் கொடுப்பார்கள். குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பினால், அங்கே ஒரு பொம்மை விளக்கோடு ஆடும். நாலைந்து தடவையில் குழந்தைக்கு விளையாட்டு பிடிபட்டுவிடும். பிறகு சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், எந்த அளவு வரை திரும்புகிறது என்று பார்ப்பார்கள்.

இந்தக் குழந்தை 500 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலிக்கு 25 டெசிபலிலேயே திரும்புகிறது. 4,000 ஹெர்ட்ஸ் உயர் ஒலிக்கு 60 டெசிபல் வைத்தால்தான் திரும்புகிறது. காதுக்குள் நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள், இல்லை. உயர் ஒலிகளில் இரண்டு காதிலும் குறை, டிஸ்சார்ஜுக்குப் பிறகு வந்தது. பெராவில் உறுதி செய்துகொண்டு, அடுத்த மாதமே இரண்டு காதிலும் மெஷின் பொருத்துகிறார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அந்த 60 டெசிபல் 70 ஆகியிருக்கிறது. மெஷினின் அளவை மாற்றி வைக்கிறார்கள். இனி இது நிற்குமா, இறங்குமா என்பதை அடுத்தடுத்த டெஸ்ட்தான் சொல்லும். இரண்டு தடவையோடு நிறுத்தியிருந்தால் பழைய அளவில் வைத்த மெஷின் பாதி வேலைதான் செய்திருக்கும்.

இரண்டாவது குழந்தை 29 வாரம். மஞ்சள் காமாலை ஏறி ரத்தம் மாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்குப் போகும் முன் ஓ.ஏ.இ-யில் இரண்டு காதும் பாஸ், பெராவில் இரண்டிலும் அலை இல்லை. ஆடிட்டரி நியூரோபதியாக இருக்கலாம் என்கிறார்கள். உடனே இந்தக் குழந்தைக்குக் காது கேட்காது என்று முடிவு கட்டிவிட முடியாது. குறைமாதக் குழந்தையின் செவி நரம்பு இன்னும் முழுதாக உறை மூடி முதிரவில்லை. மஞ்சள் காமாலையால் ஏற்பட்ட பாதிப்பும் சிலருக்கு ஓரளவு மீண்டுவருவது உண்டு. திருத்திய வயது மூன்று மாதத்தில் மறுபடி எடுத்த பெராவில், பெரிய சத்தத்துக்கு அலை தெரியத் தொடங்குகிறது. ஆறு மாதத்தில் இன்னும் தெளிவு. அதற்குப் பிறகும் இந்தக் குழந்தையை விடக் கூடாது. இந்தக் குறைபாட்டில் சத்தம் காதில் விழுந்தாலும், அது கலங்கலாக, சரியாக ட்யூன் ஆகாத ரேடியோ மாதிரி கேட்கலாம். பேச்சு வருகிறதா என்பதைப் பார்த்துத்தான் மெஷினா, காக்ளியர் இம்ப்ளான்டா, எதுவும் வேண்டாமா என்று முடிவெடுக்க முடியும்.

ஒரு குழந்தை பாஸ் ஆகிப் பிறகு இறங்கியது. இன்னொன்று ரெஃபர் ஆகிப் பிறகு ஏறியது. இரண்டுமே நடப்பவை என்பதால்தான் ஒரே டெஸ்டை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்வதில்லை.

வீட்டில் ஏன் தெரிவதில்லை?

"கதவைச் சாத்துனா திடுக்குங்குது, குக்கர் விசில் அடிச்சா முழிச்சுக்குது, காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு." பாட்டிமார்கள் சொல்லும் இந்தக் கவனிப்பு பொய்யில்லை. கதவு அறைவதும், நாகூர் ரோட்டில் பஸ் போகும் உறுமலும், தட்டு விழும் சத்தமும் பேச்சை விட மிகப் பெரியவை. அவற்றில் பல அதிர்வாகத் தரை வழியாகவும் உடம்புக்கு வருகின்றன. மேலே சொன்ன முதல் குழந்தையும் இவை எல்லாவற்றுக்கும் திரும்பும்.

பேச்சில் உயிர் ஒலிகள் உரக்க ஒலிப்பவை. மெய் ஒலிகளில் பல மெல்லியவை, குறிப்பாக 'ச', 'க', 'ப', 'த' போன்றவை. உயர் ஒலி கேட்காத குழந்தைக்குப் பால், கால், வால் மூன்றும் ஏறக்குறைய 'ஆல்' என்றுதான் விழும். காசு எது, காது எது என்று பிரியாது. அம்மா பால் டம்ளரோடு நின்று "பால்" என்றால் குழந்தைக்குப் புரிந்துவிடும், கண்ணால் பார்க்கிறதே. முதுகுப் பக்கமிருந்து சொன்னால்தான் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு ஏமாற்றும் விஷயம், குழந்தையின் குரல். பிறவியிலேயே காது கேட்காத குழந்தையும் அழும், சிரிக்கும், முதல் சில மாதங்கள் 'ஆ', 'ஊ' என்று கூவும். ஆறேழு மாதத்துக்கு மேல் 'பாபாபா', 'தாதாதா' என்று அசை அசையாக அடுக்கும் கட்டம் வர வேண்டும். தன் குரலையும் பிறர் குரலையும் கேட்டால்தான் அது வரும். திருத்திய வயது பத்து, பதினொரு மாதமாகியும் அந்த அடுக்கு வரவில்லை என்றால் அடுத்த தேதி வரை காத்திருக்க வேண்டாம். ஒரு வயதில் தன் பெயருக்குத் திரும்பாதது, ஒன்றரை வயதில் ஒரு வார்த்தையும் இல்லாதது, இரண்டு வயதில் 'அம்மா வா' போல இரண்டு சொல் சேர்க்காதது ஆகியவையும் அப்படித்தான். வந்த வார்த்தைகள் நின்றுபோவது எல்லாவற்றையும் விட அவசரம். "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்" என்ற ஆறுதல் இந்தக் குழந்தைகள் விஷயத்தில் செல்லாது. அம்மாவுக்குச் சந்தேகம் வந்தாலே அதைக் காரணமாக எடுத்துக்கொண்டு டெஸ்ட் எடுக்கலாம் என்று வழிகாட்டுதல்களிலேயே இருக்கிறது.

எத்தனை வருஷம் போக வேண்டும்?

உலக அளவில் பின்பற்றப்படும் கணக்கு ஒன்று, மூன்று, ஆறு. ஒரு மாதத்துக்குள் முதல் டெஸ்ட், மூன்று மாதத்துக்குள் குறை உண்டா இல்லையா என்று உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் மெஷினும் பயிற்சியும் தொடங்குவது. ஆறு மாதத்துக்கு முன் கண்டுபிடிக்கப்பட்டு உதவி கிடைத்த குழந்தைகளின் மொழி வளர்ச்சி, தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களை விடத் தெளிவாக மேலாக இருந்தது என்று அமெரிக்காவின் கொலராடோவில் நடந்த ஆய்வு 1998-ல் காட்டியது. அந்தக் குழந்தைகளுக்கும் காது மற்றவர்களைப் போலத்தான் கெட்டிருந்தது. தொடங்கிய காலம்தான் வேறு.

முதல் டெஸ்டில் பாஸ் ஆன, ஆனால் ஆபத்துக் காரணி உள்ள குழந்தைக்கு, பொதுவாக 9 மாதத்துக்குள் ஒரு முழுப் பரிசோதனை. சி.எம்.வி, மூளைக்காய்ச்சல் போன்றவை இருந்தால் இன்னும் சீக்கிரம். அதற்குப் பிறகு எத்தனை முறை என்பது காரணத்தைப் பொறுத்தது. இரண்டரை, மூன்று வயதில் 'சத்தம் கேட்டா ஒரு கட்டையை வாளியில போடு' என்று விளையாட்டாக ஒவ்வொரு காதையும் தனித்தனியாக அளக்க முடியும். பள்ளியில் சேர்க்கும் முன் இன்னொன்று. லேசான குறையும், ஒரு காதில் மட்டும் உள்ள குறையும் இந்த வயதில்தான் துல்லியமாகப் பிடிபடுகின்றன.

தேதியைத் தள்ளிப்போடுவதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. பெரா டெஸ்டுக்குக் குழந்தை அசையாமல் தூங்க வேண்டும். மூன்று மாதக் குழந்தை பால் குடித்தால் தூங்கிவிடும். ஒரு வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். சின்னக் குழந்தையை டெஸ்டுக்கு எடுத்துப் போகும்போது பஸ்ஸில் தூங்கவிடாமல், அங்கே போய்ப் பால் கொடுத்துத் தூங்கவைப்பது அனுபவமுள்ள அம்மாக்கள் செய்வது. மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தால் எத்தனை மணி நேரம் முன்பு பாலை நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவமனையில் கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். சளி பிடித்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடலாம், காதில் நீர் கோத்து டெஸ்ட் வீணாகப் போகும்.

எல்லையில் இருக்கும் ஊரின் சிக்கல்

திருமலைராயன்பட்டினத்துக்குத் தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், அதாவது தமிழ்நாடு. வடக்கே காரைக்கால் நகரம், அதாவது புதுச்சேரி யூனியன் பிரதேசம். இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்கு அந்தப் பக்கம் தாய்வீடு இருப்பது சர்வ சாதாரணம். தலைப்பிரசவம் நாகப்பட்டினத்தில், தீவிர சிகிச்சை தஞ்சாவூரில், ஐந்தாம் மாதம் கணவர் வீடு என்று ஆகும்போது, குழந்தையின் காகிதங்கள் இரண்டு அரசுகளின் பதிவேடுகளில் சிதறிக் கிடக்கும். நாகப்பட்டினம் கிராமச் செவிலியருக்குக் குழந்தை ஊரில் இல்லை, காரைக்கால் செவிலியருக்கு அப்படி ஒரு குழந்தை இருப்பதே தெரியாது. தொடர் பரிசோதனை விட்டுப்போவதற்கு இதுவும் ஒரு வழி.

அதனால் டிஸ்சார்ஜ் சீட்டை முழுதாக, எல்லாப் பக்கமும், போனில் போட்டோ எடுத்து அப்பா போனிலும் அம்மா போனிலும் வைத்துக்கொள்வது நல்லது. பிறந்த வாரம், எடை, எத்தனை நாள் வென்டிலேட்டர், எந்த ஆன்டிபயாட்டிக் எத்தனை நாள், மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்றியதா, எந்தக் காது டெஸ்ட் எடுத்தது, ஒவ்வொரு காதுக்கும் என்ன முடிவு ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று வார்டிலேயே பார்த்துக் கேட்டு எழுதி வாங்கிவிடலாம். ஆறு மாதம் கழித்துப் போனால் அதைத் தேடி எடுப்பது கஷ்டம்.

மத்திய அரசின் ஆர்.பி.எஸ்.கே திட்டம் எல்லையின் இரண்டு பக்கமும் பொருந்தும். 2013-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் பிறவிச் செவித்திறன் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும், பள்ளிகளுக்கு ஒரு முறையும் வர வேண்டும். அந்தக் குழு வரும் நாளில் சீட்டைக் காட்டினால், மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

காக்ளியர் இம்ப்ளான்ட் வரை போக வேண்டியிருந்தால் வீட்டு முகவரி முக்கியமாகிவிடுகிறது. தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை உண்டு. ஆனால் அது தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்கு. குழந்தை நாகப்பட்டினத்தில் பிறந்திருந்தாலும், அட்டை திருமலைராயன்பட்டினத்தில் என்றால் அந்த வாசல் திறக்காது. காரைக்கால் குடும்பங்கள், புதுச்சேரியில் தங்களுக்குள்ள திட்டங்களோடு, மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி திட்டத்தையும் கேட்க வேண்டும். அதில் பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இம்ப்ளான்ட் கிடைக்கும் வயது வரம்பு 5. விண்ணப்பம், மெஷின் போட்டுப் பார்க்கும் காலம், ஸ்கேன், காத்திருப்பு எல்லாம் இதற்குள் முடிய வேண்டும். மூன்று வயதில் "இன்னும் பேசலையே" என்று முதல் தடவையாக மருத்துவரிடம் போகும் குடும்பத்துக்கு, பாதிக்கு மேற்பட்ட காலம் அப்போதே போயிருக்கும்.